குடிச்சு 4 நாளாச்சு, ஆனாலும் தள்ளாட்டம்: போதை இல்லைன்னா வேற என்ன?

ஒரு உதாரணம். 45 வயது ஆண், 15 வருடமாகத் தினமும் குடிப்பவர். கடந்த ஒரு மாதமாகச் சாப்பாடு பெயரளவுக்குத்தான், அடிக்கடி வாந்தி வேறு. இப்போது 4 நாளாகக் குடிக்கவில்லை. ஆனாலும் காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். இன்று என்ன கிழமை என்று கேட்டால் முழிக்கிறார். "இன்னும் போதை தெளியலை, தூங்கினா சரியாயிடும்" என்கிறார்கள் வீட்டில்.

4 நாள் கழித்துப் போதை இருக்காது. இது 'வெர்னிக்கி என்செஃபலோபதி'யாக இருக்கலாம். தயமின் எனும் வைட்டமின் பி1 தீர்ந்துபோவதால் வரும் மூளை பாதிப்பு இது.

ஏன் குடிப்பவர்களுக்கு?

குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற மூளைக்குத் தயமின் தேவை. உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். தொடர்ந்து குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தயமினைக் குடல் உறிஞ்சுவதை மது குறைத்துவிடும். ஈரலும் அதைச் சேமிக்கத் திணறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என மூன்று அறிகுறிகள். கண்விழி தானாகத் துடிக்கலாம், பார்வை இரண்டிரண்டாகத் தெரியலாம். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது சிலருக்குத்தான். அதனால் மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இந்தப் பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மது நிறுத்திய சில நாளில் கை நடுக்கம், வியர்வையோடு வரும் குழப்பமும், தலையில் அடிபட்டதால் வரும் குழப்பமும் இதே மாதிரி தெரியலாம். எதுவானாலும் அவசர சிகிச்சைதான்.

"ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க" சரியா?

இங்கேதான் கவனம் வேண்டும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். தயமினை முன்பாகவோ கூடவோ கொடுப்பதுதான் வழக்கம். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்க மாட்டார்கள்.

மாத்திரை போதாது, குடல் சிறிதளவுதான் உறிஞ்சும். பல மருத்துவ வழிகாட்டுதல்கள் 500 மி.கி. தயமினை நரம்பு வழியாகத் தினமும் 3 முறை, சில நாட்களுக்குத் தரச் சொல்கின்றன.

சரியாகிவிடுமா?

சீக்கிரம் கொடுத்தால், கண் கோளாறு சில மணி நேரத்திலோ நாட்களிலோ குறையத் தொடங்கும். குழப்பம் தெளிய நாட்களோ வாரங்களோ ஆகலாம். நடைக்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும், சிலருக்குத் தள்ளாட்டம் முழுதாகப் போகாது. தாமதமானால் 'கோர்சகாஃப்' நிலைக்குப் போகலாம். அப்போது புது விஷயங்கள் நினைவில் தங்காது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சாப்பிடாத இட்லியைச் சொல்வார். அது பொய் இல்லை, மூளை தானாக இட்டு நிரப்பும் நினைவு.

எனவே மருத்துவமனையில் மறைக்காமல் சொல்ல வேண்டியவை மூன்று: எத்தனை வருடமாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.