பில்லின் அடிப்பகுதி: மூன்று கட்டங்கள் போதும்

பில்லின் அடியில் வங்கி விவரம், பில் எண், தாமத வட்டி மூன்றும் ஒரே பத்தியாக நெருக்கி அச்சிடப்பட்டால், பணம் அனுப்புபவர் எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வைப்பதே தீர்வு.

முதல் கட்டத்தில் கணக்கின் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவை வரிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தாகப் படித்துவிடாதபடி, இரண்டும் வேறுபட்டுத் தெரியும் எழுத்துரு தேவை.

இரண்டாவது கட்டத்தில், “பணம் அனுப்பும்போது குறிப்பிடுக: TJ-0147” எனப் பில் எண் மட்டும் வரலாம். ஒரே வாடிக்கையாளரின் மூன்று பில்களில் எதற்குப் பணம் வந்தது என்பதை வங்கி அறிக்கையில் இந்த எண்தான் காட்டும்.

மூன்றாவது கட்டத்தில் “30 நாளுக்குள்” என்பதைவிட “14.08.2026-க்குள்” என்ற தேதி தெளிவானது. வட்டி விகிதம் அதன் கீழே ஒரே வரியில் வரலாம். இந்தியாவில் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.