ஸ்டெப்னிக்கும் வயதாகும்

பழைய கார் வாங்குபவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோவார்கள். ஒருமுறைகூட ரோட்டைத் தொடாத டயர், ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை! ஆனால் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உள்பக்கமும் பார்க்க வேண்டும். மூன்றே எண்கள் என்றால் அது 2000க்கு முந்தைய டயர். யோசிக்காமல் கழற்றிவிடலாம்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது? காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல ரப்பருக்குள் ஊடுருவி, அதன் நெகிழ்வைக் குறைத்து இறுக வைக்கிறது. டயருக்குள் அழுத்தி நிரப்பிய காற்றும் உள்ளிருந்து அதையே செய்கிறது. வெப்பம் இதை வேகப்படுத்தும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓசோன் வெடிப்பைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். சும்மா கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் மாற்றுங்கள். உள் அடுக்குகள் விட்டுப்போவது வெளியே தெரியாது. அதனால்தான் பல நிறுவனங்கள், ஸ்டெப்னி உட்பட, 10 ஆண்டு தாண்டிய எந்த டயரையும் மாற்றச் சொல்கின்றன.