புள்ளி தொலைந்த பத்திரம்

கடைப் பெயர்ப்பலகையைப் படமெடுத்தால் செல்போன் பெரும்பாலும் சரியாகவே படித்துவிடும். எழுத்து பெரியது, அழுத்தமானது. பழைய கிரயப் பத்திரம் அப்படியல்ல. அதில் முதலில் தொலைவது புள்ளி. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது மங்கிய புள்ளியைத் தூசியென்று மென்பொருள் துடைத்துவிடும். ‘மேல்’ ‘மேல’ ஆகிவிடும். துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டால் ‘காடு’ ‘கரடு’ ஆகும். நிலப் பத்திரத்தில் இது சின்னப் பிழையா? இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால் பிழைதிருத்திக்கும் சந்தேகம் வராது. நூற்றுக்கு 98 எழுத்து சரியென்றாலும், பிழைகள் சிதறிக் கிடந்தால் எட்டெழுத்துச் சொற்களில் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று கெடும். ஆகவே சர்வே எண், பரப்பளவு, எல்லை, பெயர்கள் இவற்றை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டே ஆகவேண்டும். தாளைச் சமமாக விரித்து, நிழல் விழாமல், நெருங்கிப் படமெடுத்தால் புள்ளிகள் பெருமளவு தப்பும்.