ஆன்லைன் கடைக்கு முத்ரா லோன்: விண்ணப்பத்தோட வைக்க வேண்டிய அந்த ஒரு பக்கம்

போன மாசம் ஒரு தம்பதி ஆபீசுக்கு வந்திருந்தாங்க. கணவர் ஐடி வேலை. மனைவி வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியா சுங்குடி சேலை விக்கிறாங்க. சின்னாளப்பட்டில எடுத்து, தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் கூரியர்ல அனுப்புறாங்க. முத்ரா லோன் 2 லட்சம் கேட்டு விண்ணப்பம் ரெடி. கூடவே இணையத்துல கிடைச்ச மாதிரியைப் பார்த்துப் போட்ட 14 பக்க பிசினஸ் பிளான்.

அதுல இந்தியாவின் ஜவுளிச் சந்தை பற்றி நாலு பக்கம் இருந்தது. மாச லாபம் எவ்வளவுங்கிறதுக்கு ஒரே ஒரு வரி: "22,000 ரூபாய்". உக்காந்து கணக்கு போட்டப்போ உண்மையான லாபம் சரியா அதுல பாதிதான் வந்தது. அந்த 14 பக்கத்தை ஒரே பக்கமா எப்படி மாத்தினோம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல லோன் பற்றி ரெண்டு வரி

முத்ரா நிறுவனம் நேரடியா யாருக்கும் கடன் கொடுக்காது. வங்கி, சிறு நிதி வங்கி, நுண்கடன் நிறுவனம் இவங்கதான் கொடுப்பாங்க. 50,000 ரூபாய் வரைக்கும் சிஷு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர். சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

அடமானம் இல்லைங்கிறதாலதான் இந்த ஒரு பக்கம் முக்கியம். பணம் திரும்பி வருமாங்கிறதுக்கு மேனேஜர் கையில இருக்கிறது மூணே விஷயம்: உங்க சிபில், உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட், நீங்க எழுதிக் கொடுக்கிற கணக்கு. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும்.

22,000 எப்படி 11,000 ஆச்சு?

அவங்க போட்ட கணக்கு இது. மாசம் 80 ஆர்டர். ஒரு சேலை 950 ரூபாய், கூரியரோட சேர்த்து. ஆக விற்பனை 76,000. சேலை வாங்குற விலை 600 ரூபாய் வீதம் 48,000. கூரியர் 75 ரூபாய் வீதம் 6,000. மீதி 22,000. பார்க்க சரியாத்தான் இருக்கு, இல்லையா?

நான் கேட்ட முதல் கேள்வி: "80-ல கேஷ் ஆன் டெலிவரி எத்தனை?" பாதி, அதாவது 40. "அதுல எத்தனை பார்சல் திரும்பி வருது?" கொஞ்சம் தயங்கிட்டு, "எட்டு இருக்கும் சார்"னு சொன்னாங்க.

இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அனுப்பின ஆர்டர் விற்பனை இல்லை, கஸ்டமர் வாங்கிக்கிட்டதுதான் விற்பனை. 80 அனுப்பி 8 திரும்பினா விற்பனை 72 சேலை, 68,400 ரூபாய். வாங்கின விலை 43,200. திரும்பி வந்த சேலை ஸ்டாக்குல சேர்ந்துடும், ஆனா அதுக்குப் போன செலவு திரும்பாது. போக 75, வர 75, கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் 40, பேக்கிங் 15. ஒரு ரிட்டர்னுக்கு 205 ரூபாய் நஷ்டம்.

இப்போ முழுச் செலவையும் எழுதுவோம். 80 பார்சலுக்குக் கூரியர் 6,000. திரும்பி வந்த எட்டுக்கு 600. கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் 40 பார்சலுக்கு 1,600. பேக்கிங் 1,200. இன்ஸ்டா விளம்பரம் 4,000. போன், நெட் 800. மொத்தம் 14,200. விற்பனை 68,400-ல சேலை விலை 43,200-ஐயும் இந்த 14,200-ஐயும் கழிச்சா மிச்சம் 11,000.

லாபம் பாதியாயிடுச்சேன்னு அவங்க முகம் வாடிப் போச்சு. ஆனா இந்த 11,000-ஐ ஸ்டேட்மெண்ட் வச்சு நிரூபிக்க முடியும், 22,000-ஐ முடியாது.

எவ்வளவு கேட்கணும்?

"வியாபார விரிவாக்கத்துக்கு 2 லட்சம்"னு எழுதியிருந்தாங்க. 2 லட்சம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா பதில் இல்லை. தொகை தேவையிலிருந்து வரணும்.

அவங்க உண்மையான பிரச்சினை ஸ்டாக். தடவைக்கு இருபது சேலைதான் எடுக்க முடியுது. கஸ்டமர் கேட்கிற கலர் இல்லாம ஆர்டர் போகுது. மாசம் 120 பார்சல் அனுப்பணும்னா ஒரு மாச ஸ்டாக் வேணும்: 120 சேலை, 72,000 ரூபாய்.

ரெண்டாவது, கூரியர் கம்பெனிகிட்ட நிக்கிற பணம். கஸ்டமர் கொடுத்த காசு உங்க அக்கவுண்டுக்கு வந்து சேர, டெலிவரி நாளையும் சேர்த்து, இவங்களுக்கு 15 நாள் ஆகுது. 120-ல 60 கேஷ் ஆன் டெலிவரின்னா, ரிட்டர்ன் போக 48 சேலைக்கான பணம் 45,600. அதுல பாதி, சுமார் 23,000, எப்பவும் வெளிய நிக்கும். இந்த வரியை பிளான்ல நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லலாம். ஆனா லோன் வாங்கின அப்புறமும் "விற்பனை நடக்குது, கையில காசு இல்லை"ன்னு பலர் தவிக்கிறது இதனாலதான்.

மூணாவது, லேபிள் பிரிண்டரும் அலமாரியும் 15,000. மொத்தத் தேவை 1,10,000. கையில இருக்கிற ஸ்டாக் 25,000, சேமிப்பு 10,000. ஆக சொந்தப் பணம் 35,000, லோன் 75,000. சொந்தப் பணம் எவ்வளவுன்னு தனி வரியா கட்டாயம் எழுதுங்க. ரிஸ்க்ல உங்க பங்கும் இருக்குன்னு வங்கிக்குத் தெரியணும்.

இ.எம்.ஐ. தாங்குமா?

வட்டி வங்கிக்கு வங்கி மாறும். 12 சதவீதம், 36 மாசம்னு வச்சுக்குவோம். 75,000-க்கு இ.எம்.ஐ. சுமார் 2,500. 2 லட்சத்துக்கு சுமார் 6,650.

லாபம் 11,000. அதுல 6,000 வீட்டுச் செலவுக்கு எடுக்கிறாங்க. மிச்சம் 5,000. இதுல 2,500 கட்டலாம், 6,650 கட்ட முடியாது. 2 லட்சம் கிடைச்சிருந்தா, முதல் மாசத்திலிருந்தே கணவர் சம்பளத்துலதான் கை வச்சிருக்கணும்.

கவனிங்க, இந்தக் கணக்கை இப்போ இருக்கிற 80 ஆர்டரை வச்சுத்தான் போட்டோம். லோன் வந்தப்புறம் 120 ஆகும்னு நம்பி இல்லை. இன்னொரு படி மேல போய் மந்தமான மாசத்தையும் பார்த்தோம். ஆர்டர் 50-ஆ குறைஞ்சு, விளம்பரச் செலவும் ரிட்டர்ன் விகிதமும் அப்படியே இருந்தா லாபம் 5,075. இ.எம்.ஐ. கட்டலாம், வீட்டுக்கு 2,575 மட்டும்தான் எடுக்க முடியும். இதையும் பிளான்ல எழுதினோம். மோசமான மாசத்தை நீங்களே சொல்லிட்டா மேனேஜர் அதைத் தேடிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை.

ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் போகணும்

விற்பனை 68,400-னு எழுதிட்டோம். ஆனா பேங்க்ல வரவு 60,200-தான் இருக்கும். ஏன்? முன்பணம் கட்டின 40 பேர் யுபிஐல அனுப்பினது 38,000. கேஷ் ஆன் டெலிவரியில 32 சேலைக்கு 30,400. கூரியர் கம்பெனி அதுலயே தன் கட்டணம் 8,200-ஐப் பிடிச்சிட்டு 22,200 மட்டும் அனுப்புது. விளக்கம் இல்லைன்னா, "விற்பனையை ஏத்திச் சொல்றாங்க"ன்னுதான் தோணும். ஒரே வரியில விளக்கி, கூரியர் கம்பெனியோட மாசக் கணக்குத்தாளையும் சேர்த்து வச்சோம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாதி யுபிஐ வரவு கணவரோட சம்பள அக்கவுண்டுக்குப் போயிட்டிருந்தது. சம்பளம், நண்பர் திருப்பிக் கொடுத்த காசு, சேலைக் காசு எல்லாம் ஒண்ணா. இதை வச்சு வியாபாரத்தை நிரூபிக்கவே முடியாது. அதனால மனைவி பேர்ல தனி அக்கவுண்ட் ஆரம்பிச்சு, அங்கேயே எல்லா வரவும் வர மாதிரி மாத்தி, மூணு மாசம் கழிச்சு விண்ணப்பிங்கன்னு சொல்லிட்டேன். அவசரம்னு சொன்னாங்க. இருந்தாலும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை விட மூணு மாசம் தாமதம் மேல்.

அந்த ஒரு பக்கம்

கடைசியில வந்தது இவ்வளவுதான்:

*தொழில்:* சுங்குடி சேலை ஆன்லைன் விற்பனை, வீட்டிலிருந்து. உத்யம் பதிவு எண், தொடங்கிய மாதம்.

*வாங்குவதும் விற்பதும்:* சின்னாளப்பட்டியில் கொள்முதல், சேலை சராசரி ரூ.600. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூலம் தமிழ்நாட்டுக்குள் விற்பனை, சராசரி ரூ.950.

*மாத நிலவரம்:* அனுப்பியது 80, திரும்பியது 8, விற்றது 72. விற்பனை ரூ.68,400. கொள்முதல் ரூ.43,200. செலவு ரூ.14,200. லாபம் ரூ.11,000. வங்கி வரவு ரூ.60,200, வித்தியாசம் கூரியர் பிடித்தம் ரூ.8,200.

*தேவை:* ஸ்டாக் ரூ.72,000, கூரியரிடம் நிலுவை ரூ.23,000, பிரிண்டர் மற்றும் அலமாரி ரூ.15,000. மொத்தம் ரூ.1,10,000. சொந்தப் பணம் ரூ.35,000. கடன் ரூ.75,000.

*திருப்பிச் செலுத்துதல்:* 36 மாதம், மாதம் சுமார் ரூ.2,500. வீட்டுச் செலவு ரூ.6,000 போக மீதி ரூ.5,000-லிருந்து. 50 ஆர்டர் மட்டுமே வரும் மாதத்தில் லாபம் ரூ.5,075.

*இணைப்பு:* வங்கி ஸ்டேட்மெண்ட், கூரியர் கணக்குத்தாள், கொள்முதல் பில்கள், பிரிண்டர் கொட்டேஷன்.

உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்துல இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீங்க. ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி: இவங்க வருட விற்பனை சுமார் 8.2 லட்சம், தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் நேரடியா விக்கிறதால 40 லட்சம் வரம்புக்குள்ள வராங்க. வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சா இந்த வரம்பை நம்பாதீங்க, முதல்ல உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

சம்பளக்காரங்களுக்கு

இந்தக் கணக்குல கணவரோட சம்பளம் எங்கேயும் வரலை பாருங்க. அது "குடும்ப வருமானம்"னு விண்ணப்பப் படிவத்துல தனியா இருக்கட்டும். பிளான்ல இ.எம்.ஐ. கட்டுறது கடைதான், சம்பளம் இல்லை. சம்பளத்தைக் காட்டித்தான் கடை லோன் நிக்கும்னா, நீங்க கேட்கிறது கடைக்கான லோன் இல்லை, பர்சனல் லோன்.

அதே மாதிரி, கடை உங்க பேர்ல இருந்து நீங்களே விண்ணப்பிக்கிறதா இருந்தா, முதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வெளித்தொழில் கூடாதுன்னு பல கம்பெனி எழுதியிருக்கும். உத்யம் பதிவுல உங்க பேர் ஏறினப்புறம், "சும்மா ஹாபியா பண்றேன்"னு சொல்ல முடியாது.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. போன மாசம் அனுப்பின பார்சல் எத்தனை, திரும்பினது எத்தனைன்னு எண்ணி, மேல சொன்ன "மாத நிலவரம்" வரியை மட்டும் உங்க கடைக்கு எழுதிப் பாருங்க. மத்த எல்லா வரியும் அதுலேர்ந்துதான் வரும்.