மூடியிருக்கும் தொட்டிக்குள் கொசு போகும் வழி

டெங்கு பரவும் மாதங்களில் சென்னையில் வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர் வாசலில் நின்றபடி கேட்பார்: "சம்ப் எங்கம்மா இருக்கு?" பெரும்பாலான வீடுகளில், "மூடிதாம்பா வச்சிருக்கோம்" என்று பதில் வரும். ஆனாலும் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால் சில சம்ப்களில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். மூடியிருந்தும் கொசு எந்த வழியாகப் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னை போன்ற ஊர்களில் வீட்டுத் தொட்டியைத் தேடி வருபவை முக்கியமாக இரண்டு வகைக் கொசுக்கள். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி ஒன்று. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி இன்னொன்று. சாக்கடைத் தண்ணீரைவிட, நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்துவைக்கும் அசையாத நல்ல தண்ணீரே இவற்றுக்குப் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அரைகுறையாக மூடிய தொட்டிக்குள் காற்று அடிக்காது, வெயில் படாது, புழுவைத் தின்னும் தும்பியோ மீனோ இருக்காது. உள்ளே நுழைய ஒரு வழி கிடைத்துவிட்டால் கொசுவுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அமைவது கடினம்.

போர்டிகோவுக்கு அடியில் சம்ப், மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி என்று இருக்கும் வழக்கமான வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம்ப்பின் இரும்பு மூடியில் கொக்கி மாட்டித் தூக்குவதற்காக இரண்டு ஓட்டைகள் இருக்கும். விரல் நுழையும் அந்த ஓட்டைகள்தான் கொசுவின் முதல் வாசல். அடுத்தது மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு. கார் ஏறி இறங்கி மூடி லேசாக வளைந்திருந்தால் ஒரு மூலை எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, மோட்டார் குழாய்க்காகப் போட்ட துளை. ஒரு அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலத்தில் துளை போட்டு, மிச்ச இடத்தில் துணியை அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கொஞ்ச நாளில் துணி மக்கி விழுந்துவிடும், ஓட்டை மட்டும் இருக்கும்.

குழாயைச் சுற்றியுள்ள துளையைச் சிமென்ட் கலவையால் பூசிவிடலாம். மூடியின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி, மேலே கனம் இருக்கும்படி செய்தால் இடுக்கு அடைபடும். தூக்கும் ஓட்டைகளுக்கு ரப்பர் அடைப்பான் போடலாம். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல சம்ப்களில் தனியாகக் காற்றுக்குழாய் இருப்பதில்லை. இந்த ஓட்டைகள் வழியாகத்தான் காற்று போய்வருகிறது. மோட்டார் தண்ணீரை எடுக்க எடுக்க அந்த அளவுக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும், தண்ணீர் நிரம்பும்போது வெளியே வந்தாக வேண்டும். அதனால் ஓட்டைகளை அடைக்கும் முன், இரண்டு அங்குல பி.வி.சி. குழாயைத் தளத்தில் பதித்து, மேல்முனையை இரண்டு எல்போ போட்டுத் தரையைப் பார்க்கும்படி வளைத்துவிட வேண்டும். மழைத் தண்ணீரும் பறவை எச்சமும் உள்ளே விழாது. அந்த வாய்க்குத்தான் வலை கட்ட வேண்டும்.

எந்த வலை என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் "கொசு வலை" என்று பொதுவாகக் கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். "அண்ணே, ஸ்டீல்ல பதினெட்டு மெஷ் இருக்கா?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே அந்த எண். ஆனால் எண் மட்டும் போதாது, கம்பியின் தடிமனும் தெரிய வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதைப் பதினெட்டால் வகுத்தால் 1.41. கம்பி கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், கழித்ததும் மிஞ்சும் கண்ணின் அகலம் 1.16 மில்லிமீட்டர். கொசுவைத் தடுக்க 1.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால் இது சரி. அதே கணக்கில், 0.3 மில்லிமீட்டர் கம்பியில் பின்னிய பதினான்கு மெஷ் வலையின் கண் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். சின்ன ஏடிஸ் உடலைக் குறுக்கிக்கொண்டு போய்விடும். மழைநீர்த் தொட்டிகள் அதிகமுள்ள ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண் இருக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். இருபது மெஷ் வாங்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அதைவிட நெருக்கமான வலை எதற்கு என்றுதான் நான் கேட்பேன். தூசும் ஒட்டடையும் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நைலான் வலை விலை குறைவு. ஆனால் மாடி வெயிலில் நைந்துவிடும், அணிலும் கடித்துவிடும். கால்வனைஸ் செய்த கம்பி, குளோரின் கலந்த ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் 304 என்று குறிப்பிடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையே வாங்குங்கள்; ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது சிறு துண்டுதான். குழாய் வாயைவிட நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, வாயின் மேல் போர்த்தி, ஓரத்தைக் குழாயோடு மடித்து, ஸ்குரூ வைத்து முறுக்கும் ஸ்டீல் கிளாம்ப்பால் இறுக்க வேண்டும். சணல் கயிறு மழையில் மக்கிவிடும்.

மாடித் தொட்டியில் பிரச்சினை வேறு மாதிரி. தண்ணீர் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பதற்காக சென்சார் மாட்டுகிறார்கள். அதன் ஒயர் மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்வதால் மூடியின் மரை முழுதாக ஏறாது. இது பல வீடுகளில் உண்டு. தொட்டியின் தோள்பகுதியில் சிறு துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, ஒயரை அதன் வழியே விட்டால் மூடி முழுதாக இறுகும். உடைந்த மூடிக்குப் பதிலாகத் தகரத்தைப் போட்டுச் செங்கல் வைப்பதால் கொசு நிற்காது. ஓவர்ஃப்ளோ குழாயை மறந்துவிடவே கூடாது. வலையை அதன் வெளிமுனையில் கட்டுங்கள், கழற்றிக் கழுவ முடியும். பாசியும் தூசும் அடைத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் மூடி வழியே வழியும். அப்படி வழிந்தால் வலையை உடனே கழற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு, எரியும் டார்ச்சை நீர் புகாத உறையில் போட்டுக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மூடியை வழக்கம்போல் மூடுங்கள். கரன்ட் பல்பை இறக்காதீர்கள். சுற்றுமுற்றும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். கசியும் இடுக்கில் இரண்டு ஏ.டி.எம். கார்டுகளைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அவை நுழைந்தால் கொசுவும் நுழையும்.

அடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் இறங்கி முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். தொட்டியைக் காலி செய்வதால் மட்டும் அவை போகாது. சுவரை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். சம்ப்புக்குள் தனியாக இறங்க வேண்டாம். மூடியே கிடந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று போதாமல் போகலாம். மேலே இருந்தபடியே நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்க்க முடிந்த வரை தேய்க்கலாம், ஆழமான சம்ப்பை ஆளும் கருவியும் உள்ளவர்களிடம் விட்டுவிடலாம்.

அடைத்த இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். நிழல் பட்டதும் புழுக்கள் அடியில் போய்விடும் என்பதால், டார்ச்சை ஒரே இடத்தில் அடித்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். மூச்செடுக்க அவை மேலே வந்தே ஆக வேண்டும். தப்பிய பழைய முட்டைகள் பொரித்திருந்தால் சில புழுக்கள் இருக்கக்கூடும். அவற்றை வலைக்கரண்டியால் அள்ளி வெளியே காயும் தரையில் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் புழு இருந்தால் எங்கோ ஓர் இடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்; பெரும்பாலும் அது குழாய் தளத்தைத் துளைத்து உள்ளே போகும் இடமாகத்தான் இருக்கும்.