பன்னிரண்டு கோடுகளும் பன்னிரண்டு கட்டங்களும்

சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், திருவனந்தபுரம், நாக்பூர், போபால், குவாஹாட்டி, ஜோத்பூர், ஸ்ரீநகர். இந்தப் பன்னிரண்டு நகரங்களின் மாதவாரி சராசரி மழையளவை ஒரே வரைபடத்தில், ஊருக்கு ஒரு நிறமாகக் கோடு போட்டு வரைந்து பாருங்கள். மும்பையின் கோடு ஜூலையில் 800 மி.மீ. வரை எழும்பி நிற்கும். மற்ற பதினொன்றும் ஏறக்குறைய 400-க்குள் அடங்கி, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கும். அந்தச் சிக்கலுக்குள் ஸ்ரீநகர் எங்கே போனது என்று தேடினாலும் அகப்படாது.

சிக்கலுக்குக் காரணம் நம் கண்ணும் நினைவும் வேலை செய்யும் விதம். ஒரு கோடு எந்த ஊருடையது என்று அறிய, வரைபடத்திலிருந்து ஓரத்து நிறக்குறிப்புக்குப் போய், நிறத்தை நினைவில் வைத்துத் திரும்பி வர வேண்டும். நான்கைந்து நிறங்கள் வரை இது எளிது. பன்னிரண்டு என்றால் இளநீலமும் கடல்நீலமும் குழம்பும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டியதும் எது எந்தப் பக்கம் போனது என்பதும் தெரியாது. ‘இது யார்?’ என்று கேட்பதிலேயே கவனமெல்லாம் தீர்ந்துபோக, ‘இது என்ன சொல்கிறது?’ என்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இப்போது அதே 144 எண்களைப் பன்னிரண்டு சிறு கட்டங்களாகப் பிரிப்போம். ஊருக்கு ஒரு கட்டம், தலையில் ஊர்ப்பெயர், எல்லாவற்றிலும் ஒரே மாத அச்சு. நிறம் செய்த வேலையை இடம் செய்யத் தொடங்குகிறது. உடனே ஒவ்வொரு ஊரின் மழைக்கும் ஒரு வடிவம் இருப்பது தெரிகிறது. டெல்லி, நாக்பூர், போபால் மூன்றிலும் நடு ஆண்டில் ஒற்றை மேடு. திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு மேடுகள். இரண்டு பருவமழையும் அந்த ஊரைத் தொடுகின்றன. சென்னையின் மேடு வலது ஓரம் ஒதுங்கி, வடகிழக்குப் பருவமழையின் நவம்பரில் உச்சம் தொடுகிறது. ஸ்ரீநகரோ இடது பக்கம், மார்ச் வாக்கில் உயர்கிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் தரும் மழையும் பனியும் அது. முதல் வரைபடத்திலும் இவை அத்தனையும் இருந்தன. ஆனால் யாரும் பார்த்திருக்க முடியாது!

இந்த முறையை 1983-இல் வெளிவந்த தன் நூலில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி பிரபலப்படுத்தினார். அவர் வலியுறுத்தியது, கட்டத்தின் அமைப்பு மாறக் கூடாது, தரவு மட்டுமே மாற வேண்டும் என்பதை. அமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், மிச்சக் கட்டங்களில் கண் நேராக வேறுபாட்டுக்கே போய்விடும்.

இங்கேதான் பெரிய தவறும் நேர்கிறது. எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே செங்குத்து அளவுகோல் வைத்தால், மும்பைக்காக 800 வரை நீளும் அச்சில் ஜோத்பூரின் 100 மி.மீ. தரையோடு படுத்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் அளவுகோலை மாற்றினாலோ, பாலைவன ஓரத்து ஜோத்பூரும் மும்பையும் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சில் உள்ள எண்களைப் படிக்காத வாசகர் ஏமாந்துபோவார், பெரும்பாலோர் படிப்பதில்லை. எனக்குப் பிடித்த வழி, கேள்வியை முதலில் தீர்மானிப்பது. எவ்வளவு பெய்கிறது என்பது கேள்வியானால் பொது அளவுகோல்தான் நேர்மையானது. எப்போது பெய்கிறது என்பது கேள்வியானால், ஒவ்வொரு மாத மழையையும் அந்த ஊரின் ஆண்டு மழையில் எத்தனை சதவீதம் என்று மாற்றிவிடலாம். அப்போது பொது அளவுகோலிலேயே எல்லா ஊரும் தெளிவாகத் தெரியும். மும்பையில் ஜூலை மாத மழை, ஆண்டு மழையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஜோத்பூரும் அதற்கு அருகிலேயே வருகிறது. அளவில் அத்தனை தூரம் விலகிய இரண்டு ஊர்களும் ஒரே தென்மேற்குப் பருவமழையின் தாளத்தில் நனைகின்றன.

கட்டங்களை அகர வரிசையில் அடுக்குவதும் வீண். உச்ச மழை மாதத்தின் வரிசையில் அடுக்கினால் ஸ்ரீநகரில் தொடங்கி சென்னையில் முடியும். மேடு கட்டத்துக்குக் கட்டம் வலப்பக்கம் நகர்வதைக் கண் தானாகப் பின்தொடரும். பக்கவாட்டில் இருக்கும் கட்டங்களில் உயரத்தை ஒப்பிடுவது எளிது, மேலும் கீழுமாக இருப்பவற்றில் காலத்தை ஒப்பிடுவது எளிது. ஆகவே காலம் பற்றிய கேள்விக்கு ஒரே நெடுவரிசை சிறந்தது. கைபேசித் திரைக்கும் அதுவே பொருந்தும்.

ஆனால் ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் அதிகமா, குவாஹாட்டியில் அதிகமா என்று கேட்டால் கட்டங்கள் தடுமாறும். ஒரே மாதத்தில் நெருங்கிய இரு மதிப்புகளை ஒப்பிட, அவை ஒரே அச்சில் அருகருகே இருக்க வேண்டும். அதற்கு ஓர் இடைவழி உண்டு: ஒவ்வொரு கட்டத்திலும் பன்னிரண்டு கோடுகளையும் வெளிர் சாம்பலில் வரைந்து, அந்த ஊரின் கோட்டை மட்டும் அடர்நிறத்தில் போடுவது. அதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால், அந்த இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துத் தனியே ஒரே வரைபடத்தில் வரைந்துவிடலாம்.