உண்ணித் தழும்பும் பதினாலாம் நம்பர் கார்டும்

ரெண்டாவது ரிவியூல பேனல்ல ஒருத்தர் எங்களைக் கேட்ட கேள்வி ரொம்ப சாதாரணமானது. "பிரைட்னஸ் ஆக்மென்டேஷன் ட்ரை பண்ணீங்களா?" பண்ணியிருந்தோம். "அப்புறம் ஏன் விட்டீங்க?" மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கோட் இருக்கு, `final_v3_new.ipynb` இருக்கு, அக்யுரசி நம்பர்கள் இருக்கு. ஏன் விட்டோம்ங்கிறது மட்டும் எங்கேயுமே இல்லை.

நீங்களும் ப்ராஜெக்ட்ல மாடல் ட்ரெயின் பண்றவங்கன்னா, எம்எல்ஃப்ளோ மாதிரி ஒண்ணு போட்டா போதும்னு நினைப்பீங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அது ஒவ்வொரு ரன்னோட பாராமீட்டரையும் மெட்ரிக்கையும் ஒழுங்கா எழுதி வைக்கும். ஆனா அந்த ரன்னை எதுக்கு ஓட்டினோம், முடிவைப் பார்த்துட்டு என்ன தீர்மானிச்சோம்னு அதுக்குத் தெரியாது. அதை நாமதான் எழுதணும். அதுக்கு நாங்க பிடிச்ச வழி, ஒவ்வொரு சோதனையையும் கிட்ஹப் இஷ்யூவுல ஒரு டாஸ்க்கா போடுறது. நாங்க அதைக் கார்டுன்னு சொல்வோம். அந்தக் கார்டு இவ்வளவுதான்:

```
கருதுகோள்:  எதை மாத்தினா, எது, எவ்வளவு மாறும், ஏன்
நிலைமை:    டேட்டா / split வெர்ஷன், பேஸ்லைன்
எல்லை:     எவ்வளவு வந்தா ஏத்துக்குவோம் (ஓட்டுறதுக்கு முன்னாடி எழுதணும்)
முடிவு:     வந்த நம்பர்கள், தப்பானதுல பார்த்தது
தீர்மானம்:  ஏற்பு / கைவிடல் / அடுத்த கேள்வி
```

மாடல் நல்லா வந்தா கார்டை மூடுறது இல்லை. தீர்மானம் எழுதினாத்தான் மூடணும். இந்த ஒரு விதி இல்லைன்னா "இன்னும் கொஞ்சம் ட்யூன் பண்ணிப் பாப்போம்"னு ஒரே கார்டு மூணு வாரம் நகராம நிக்கும்.

எங்க ப்ராஜெக்டை வெச்சே சொல்றேன். காட்பாடியிலேருந்து ரயில் ஏறி ஆம்பூர் பக்கம் ஒரு டேனரிக்குப் போய், 70 வெட் ப்ளூ தோல்களை, தோலுக்கு 6 போட்டோன்னு, போன்லயே 420 போட்டோ எடுத்தோம். குரோம் போட்டுப் பதனிட்டதும் தோல் வெளிர் நீலமா இருக்கும், அதனாலதான் அந்தப் பேர். அந்த நிலையிலதான் தோலைத் தரம் பிரிக்கிறாங்க. கத்தி பட்ட வெட்டு, முள்கம்பி கீறல், உண்ணி கடிச்ச தழும்பு எல்லாம் பார்த்து, எது எந்தத் தரம்னு ஒரு பெரியவர் விரலால தடவியே சொல்லிடுவார். எங்க மாடலுக்கு வெட்டு ஈஸி, உண்ணித் தழும்புதான் கஷ்டம். தழும்பு இருக்கிற 100 போட்டோவுல 61ஐத்தான் பிடிச்சது. இந்த நம்பருக்குத்தான் ரீகால்னு பேரு.

ரிவியூவுக்கு அப்புறம், கார்டு 14ல அந்த பிரைட்னஸ் சோதனையைத் திரும்ப ஓட்டினோம். கருதுகோள்: ஷெட்டுக்குள்ள காலையில ஒரு வெளிச்சம், சாயங்காலம் ஒரு வெளிச்சம். `ColorJitter` போட்டு வெளிச்சத்தை மாத்தி மாத்திக் காட்டினா ரீகால் கூடும். எவ்வளவு கூடணும்? இங்கதான் முதல்ல ஒரு வேலை செய்யணும். எதையுமே மாத்தாம பேஸ்லைனை வேற வேற சீட் வெச்சு மூணு தடவை ஓட்டினா 59, 61, 63 வந்தது. அதாவது ஒண்ணும் செய்யாமலே நம்பர் 4 புள்ளி ஆடுது. அதனால சராசரி குறைஞ்சது 5 புள்ளி கூடினாத்தான் ஏத்துக்குவோம்னு எழுதிட்டு ஓட்டினோம். வந்தது 60, 62, 64. எல்லை எழுதாம இருந்திருந்தா, அந்த 64ஐ மட்டும் ஸ்லைட்ல போட்டிருப்போம், சத்தியமா. தீர்மானம்: கைவிடல்.

ஆனா முடிவு வரியில நம்பர் மட்டும் எழுதக் கூடாது. மாடல் கோட்டைவிட்ட போட்டோக்களைத் திறந்து பார்த்தோம். வெளிச்சம் நல்லா இருக்கிறதுலயும் கோட்டை விட்டிருக்கு. காரணம் ஒரு வகுத்தல் கணக்கு: 3000 பிக்சல் உயரப் படத்தை 224க்குச் சுருக்குறோம், கிட்டத்தட்ட 13 மடங்கு. 40 பிக்சல் தழும்பு 3 பிக்சலாயிடுது. மாடல் பார்க்கிறதுக்கே அங்க ஒண்ணும் இல்லை. இதுதான் கார்டு 15ஐப் பெத்தது: சுருக்காம, படத்தைத் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்தா ரீகால் 5 புள்ளிக்கு மேல கூடும்.

கூடியது 17 புள்ளி. 78! அன்னைக்கு டீக்கடையில செம குஷி. ஆனா கார்டுல நாங்க எதிர்பார்த்தது 5ன்னு எழுதியிருக்கே, 17 எப்படி வந்ததுன்னு ஒருத்தனுக்கு உறுத்தல். எதிர்பார்த்ததை எழுதி வெச்சா இப்படியும் ஒரு உபயோகம் இருக்கு, நம்ப முடியாத அளவுக்கு நல்லா வந்தாலும் தெரிஞ்சிடும். தோண்டிப் பார்த்தா, துண்டுகளைக் கலைச்சுப் போட்டுப் பிரிச்சதுல ஒரே போட்டோவோட துண்டுகள் ட்ரெயின்லயும் இருக்கு, டெஸ்ட்லயும் இருக்கு. இன்னும் மோசம், அதுக்கு முன்னாடி போட்டோவாப் பிரிச்சப்பவே ஒரே தோலோட ஆறு போட்டோ ரெண்டு பக்கமும் சிதறித்தான் கிடந்திருக்கு. மாடல் தழும்பைக் கத்துக்கலை, தோலை மனப்பாடம் பண்ணியிருக்கு. கார்டு 15 தீர்மானம்: ஏற்கலை, split தப்பு.

கார்டு 16ல தோல் நம்பரை வெச்சுப் பிரிச்சோம், ஒரு தோல் ஒரு பக்கம்தான்:

```python
cv = GroupKFold(n_splits=5)
for tr, te in cv.split(X, y, groups=hide_id):
    ...
mlflow.set_tag("card", "16")
```

கடைசி வரியைக் கவனிங்க. ரன்லேருந்து கார்டுக்கும் கார்டுலேருந்து ரன்னுக்கும் வழி அதுதான். முழுப் படம் 54க்கு இறங்கிடுச்சு, துண்டுகள் 67. குஷி போச்சு, ஆனா இந்த 67 நிஜம்.

இப்ப ஒரு சங்கடம். பழைய split மேல எடுத்த தீர்மானமெல்லாம் என்ன ஆகும்? ஒவ்வொரு கார்டுலயும் நிலைமை வரியில split v1னு இருந்ததால தேடினதும் கிடைச்சது, மொத்தம் ஒன்பது கார்டு. ஒன்பதையும் திரும்ப ஓட்டலை. தோலை மனப்பாடம் பண்றதால எந்தத் தீர்மானம் புரண்டிருக்க முடியும்னு கேட்டோம். அப்படிப் பார்த்தா முதல்ல நின்னது கார்டு 14தான். டெஸ்ட்ல வர்ற தோலை ட்ரெயின்லயே, அதே வெளிச்சத்துல பார்த்துட்ட மாடலுக்கு வெளிச்சப் பயிற்சி எதுக்கு? புதுத் தோல் வரும்போதுதானே அது தேவைப்படும்.

திரும்பத் திறந்தோம். இந்தத் தடவை எல்லையை வேற மாதிரி எழுத வேண்டி வந்தது. அஞ்சு ஃபோல்டுல ரீகால் 58லேருந்து 75 வரைக்கும் ஆடுது, சில தோல்கள் அப்படி. சராசரியை மட்டும் ஒப்பிட்டா அந்த ஆட்டத்துல எல்லாம் மறைஞ்சிடும். அதனால அதே ஃபோல்டுல, ஜிட்டர் இருந்தா எவ்வளவு, இல்லைன்னா எவ்வளவுன்னு ஜோடி ஜோடியா கழிச்சோம். எல்லை: சராசரி வித்தியாசம் 3 புள்ளி, அஞ்சுல நாலு ஃபோல்டாவது கூடணும். வந்தது 67லேருந்து 71, நாலு ஃபோல்டு கூடிச்சு, ஒண்ணுல கொஞ்சம் குறைஞ்சது. தீர்மானம்: ஏற்பு. பழைய "கைவிடல்" வரியை அழிக்கலை, அது கீழயே தேதியோட புது வரி.

ரிவியூல கேட்டவருக்கு இப்ப எங்ககிட்ட பதில் இருக்கு. விட்டோம், தப்பான split மேல விட்டோம், திரும்ப எடுத்தோம்.

எல்லாத்துக்கும் கார்டு போடணும்னு கிளம்பிடாதீங்க. லேர்னிங் ரேட் பத்து மதிப்பு ஓட்டிப் பார்க்கிறது ஒரே கார்டுதான், பத்து இல்லை. டேட்டாவைச் சும்மா புரட்டிப் பார்க்கிற கட்டத்துல கருதுகோளே இருக்காது; அங்க ஒரு கேள்வியும், ரெண்டு நாள்னு ஒரு நேர வரம்பும் எழுதினா போதும். அப்புறம், ஒரு கார்டுல ரெண்டு மாற்றம் வேண்டாம். துண்டு வெட்டுறதையும் ஜிட்டரையும் சேர்த்து ஓட்டியிருந்தா, எது உதவிச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை போட்டுட்டு இருந்திருப்போம்.

கார்டு போட்டும் தீராத ஓட்டை ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. இந்த 70 தோல் மேலேயே இத்தனை தீர்மானம் எடுத்துட்டதால, 71ங்கிறது இந்த 70 தோலுக்குன்னே கொஞ்சம் தைச்ச சட்டை. அதனால கார்டு 19 இன்னும் திறந்தே இருக்கு: வேற டேனரியிலேருந்து, இதுவரைக்கும் நாங்க தொடாத 20 தோல், ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவோம். எல்லைன்னு 65 எழுதியாச்சு. போட்டோ எடுக்க அடுத்த சனிக்கிழமை போறோம்.